"இந்தச் செடி எங்க வாங்குனீங்க?"

செடி வாங்க முதல்முறை வருகிறவர் கடையின் பெயரைப் பார்த்து வருவதில்லை. சாலையோரத்தில் தொட்டிகள் வரிசையாகத் தெரிகின்றன, வண்டியை ஓரங்கட்டுகிறார், அவ்வளவுதான். பெயருக்கு வேலை வருவது சில மாதங்கள் கழித்து, அவர் வீட்டு மொட்டைமாடியில். செம்பருத்தி அடுக்கடுக்காகப் பூத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இந்தச் செடி எங்க வாங்குனீங்க?" என்று கேட்கிறார். பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பைபாஸ்ல பெட்ரோல் பங்க் தாண்டுனா ஒரு நர்சரி வரும்ல, அதுக்கு அடுத்தது. பேரு பசுமையோ கிரீனோ, என்னமோ போட்டிருக்கும்."

அக்கா ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போகிறார். பெட்ரோல் பங்க்கைத் தாண்டினால் நான்கு நர்சரிகள் இருக்கின்றன. முதலில் கண்ணில் பட்ட கடையில் நிறுத்தி, வேண்டியதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார். நல்ல செம்பருத்தியை வளர்த்துக் கொடுத்தவருக்கு இந்த வியாபாரம் கைமாறிப் போனது தெரியவே தெரியாது. செடிக்கடைக்குப் பெயர் வைக்க உட்காருகிறவர்கள் இந்த ஒரு கேள்வியையும் அதற்கு வரும் பதிலையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது என்பேன். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய், அங்கிருந்து அவர் கைப்பேசியின் தேடல் பெட்டிக்குள் சிதையாமல் இறங்க வேண்டும். அழகு அதற்குப் பிறகுதான்.

பெயர் தேடும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பச்சை. பசுமை, பசுஞ்சோலை, கிரீன் வேர்ல்டு, கிரீன் லீஃப், கிரீன் எர்த், எவர்கிரீன். செடி விற்கிறோம், பெயரில் பச்சை இருக்கட்டுமே என்கிற நியாயம் புரிகிறது. ஆனால் நகைக்கடைக்காரரோ துணிக்கடைக்காரரோ பெற முடியாத ஒரு வசதி செடிக்கடைக்காரருக்கு இருக்கிறது. அவருடைய சரக்கு வாசலிலேயே நின்று, தான் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது. ஐந்நூறு தொட்டிகள் பச்சை பச்சை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பலகையும் அதையே சொன்னால் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. அந்தச் சாலையில் இருக்கும் மற்ற மூன்று கடைகளிலிருந்து இந்தக் கடையைப் பிரித்துக் காட்டுவதுதான் பெயரின் வேலை. பசுமை என்ற சொல்லால் அது முடியாது. பக்கத்துக் கடையும் பசுமையாகத்தான் இருக்கிறது.

அதற்காகப் பெயரில் செடி வாடையே அடிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பொதுவான பச்சையை விட்டுவிட்டு, கண்ணில் ஓர் உருவமாக வந்து நிற்கும் பச்சையைப் பிடிக்க வேண்டும். 'பசுமை' என்று கேட்டால் மனதில் ஒரு நிறம் பரவும், அவ்வளவுதான். 'குண்டுமல்லி' என்று கேட்டால் உருண்டையான மொட்டும் அதன் வாசமும் சேர்ந்து வந்துவிடும். 'தொட்டாச்சிணுங்கி' என்றால் சின்ன வயதில் விரலால் தொட்டு இலையைச் சுருங்கவைத்தது நினைவுக்கு வரும். நினைவில் ஒட்டுவது இந்த வகைச் சொற்கள்.

ஒலிக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1929-இல் ஒரு வேடிக்கையான விஷயத்தை எழுதினார். வளைவு வளைவான ஓர் உருவத்தையும் கூர்முனைகள் நீட்டிய ஓர் உருவத்தையும் காட்டி, பொருளில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்து, எந்தச் சொல் எதற்குப் பொருந்தும் என்று கேட்டால், மென்மையாக ஒலிக்கும் சொல்லை மக்கள் வளைந்த உருவத்துக்குக் கொடுக்கிறார்கள். 2001-இல் நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பார்டும் 'பூபா', 'கிக்கி' என்ற சொற்களைக் கொண்டு இதை அமெரிக்க மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுபவர்களிடமும் செய்து பார்த்தபோது, இரு தரப்பிலும் மிகப் பெரும்பாலோர் கூர்மையான உருவத்தைத்தான் 'கிக்கி' என்றார்கள். ஒலியிலேயே ஒரு தொடு உணர்வு இருக்கிறது என்பது இதன் சாரம். நம் இலக்கணக்காரர்கள் மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்துவைத்ததை நினைத்துக்கொண்டால் இது நமக்குப் பெரிய ஆச்சரியமாக இராது.

நர்சரிகளின் பெயர்களில் ம, ன, ல, ள, ர எல்லாம் புரள்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தளிர், துளிர், மலர், முல்லை, இலை, சோலை. எல்லாம் காதுக்கு இதமான பெயர்கள். வாசலில் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தளிரும் துளிரும் வேறுபடுவது ஒரே ஒரு குறில் ஒலியில். லாரி ஓசைக்கு நடுவே கைப்பேசியில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். இடையினத்தின் ல, ள, ழ மூன்றும் நம் பேச்சில் பல ஊர்களில் கலந்தே கிடக்கின்றன. மென்மையான பெயர் மனதுக்குப் பிடிக்கிறது, ஆனால் பிடிமானம் இல்லாமல் நழுவுகிறது.

இதற்கு எளிய வழி, பெயருக்குள் ஒரு வல்லினம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. குண்டுமல்லியில் 'ண்டு' அழுத்தமாக விழுகிறது, பின்னால் 'மல்லி' மென்மையாக முடிகிறது. பட்டாணி, பவளமல்லி, புங்கை, வேம்பு, கொத்தமல்லி எல்லாமே இப்படிக் கடினமும் மென்மையும் கலந்த சொற்கள். ஒருமுறை கேட்டாலே எழுத்து எது என்று பிடிபட்டுவிடும்.

அடுத்த சோதனை சிலரைக் கடுப்பேற்றும், ஆனால் தவிர்க்க முடியாது. பெயர் எவ்வளவு நல்ல தமிழாக இருந்தாலும், வாடிக்கையாளர் அதைக் கைப்பேசியில் தேடும்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். கூகுள் மேப், இன்ஸ்டாகிராம் முகவரி, பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயர், எல்லாவற்றிலும் இதே கதை. ஆங்கில எழுத்துக்குள் போகும்போது சில சொற்கள் வேறு சொற்களாகிவிடுகின்றன.

'வனம்' கம்பீரமான பெயர். Vanam என்று எழுதியதும் பாதிப் பேர் அதை 'வானம்' என்று படிப்பார்கள். 'கொடி' இரண்டே எழுத்து, அழகான படர்கொடி. Kodi என்று எழுதினால் தேசியக் கொடி, நூறு லட்சம், எது வேண்டுமானாலும் ஆகலாம். தோட்டக்காரர்களின் சொல்லாக 'பதியம்' எனக்கு மிகவும் பிடித்த பெயர். கிளையை மண்ணுக்குள் வளைத்துவைத்து வேர்விடச் செய்யும் முறைக்கு அதுதான் பெயர், ஊர்ப்பக்கம் பதியன் என்பார்கள். Pathiyam என்று பலகையில் போட்டால், பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்கும் பூண்டுக்குழம்புதான் ஞாபகம் வரும். தஞ்சைப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தோட்டத்தைக் கொல்லை என்று சொல்வார்கள். 'கொல்லை' என்று ஒரு செடிக்கடை இருந்தால் எவ்வளவு நெருக்கமாக இருக்கும்! Kollai என்று எழுதிப் பாருங்கள். விலை கேட்கும் வாடிக்கையாளர் "பேர்லயே கொள்ளைன்னு சொல்லிட்டாங்கப்பா" என்று சிரிப்பார். பூவில் தொடங்கும் பெயர்களுக்கு Poo என்ற எழுத்தால் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளிடம் என்ன நேரும் என்பதைப் பெற்றோர்களே அறிவார்கள்.

இதைச் சரிபார்க்க நிபுணர் யாரும் வேண்டாம். பெயரைப் பத்துப் பேருக்குத் தொலைபேசியில் ஒரேயொரு முறை சொல்லுங்கள், எழுத்துக் கூட்டிச் சொல்லாமல். மறுநாள் சாயங்காலம் அதே பத்துப் பேரிடமும் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பெயர் மறந்துபோனவர்கள் எத்தனை பேர், எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். இரண்டு விதமான எழுத்து வந்தால் பரவாயில்லை, இரண்டையும் இணையத்தில் பிடித்துவைத்துக்கொள்ளலாம். ஐந்தாறு விதமாக வந்தால் அந்தப் பெயரை விட்டுவிடுவது நல்லது. சிறப்பு ழகரம் உள்ள பெயர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழும். 'செழுமை' என்ற ஒரு சொல்லுக்கே Sezhumai, Chezhumai, Selumai என்று வந்துகொண்டிருக்கும். பத்துப் பேரில் வயதானவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும். செடிக்கு நேரம் ஒதுக்கி, திரும்பத் திரும்பக் கடைக்கு வருகிறவர்களில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய.

பெயரின் முன்பாதியை இப்படி அரைத்து அரைத்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள்கூடப் பின்பாதியைக் கவனிப்பதில்லை. 'நர்சரி' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழ்நாட்டில் நர்சரி என்றால் இரண்டு உண்டு. ஒன்றில் செடி வளர்கிறது, மற்றொன்றில் எல்.கே.ஜி. பிள்ளைகள் வளர்கிறார்கள். முன்னால் ரோஜா, முருகன் என்று இருந்தால் பெரிய குழப்பமில்லை. தளிர், அரும்பு, மொட்டு, மழலை, துளிர் என்று இருந்தால்தான் வினை. இவையெல்லாம் மழலையர் பள்ளிகளுக்கும் பிடித்த பெயர்கள். இணையத்தில் 'தளிர் நர்சரி' என்று தேடுகிறவருக்கு எது வரும் என்று சொல்ல முடியாது. ஜூன் மாதத்தில் அட்மிஷன் கேட்டு ஒரு செடிக்கடைக்குப் போன் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

'கார்டன்' என்று மாற்றினால் தப்பித்துவிடலாமா? கல்யாண மண்டபம், குடும்ப உணவகம், மனைப் பிரிவு என்று எல்லோரும் கார்டனை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 'நாற்றங்கால்' சரியான வேளாண் சொல். ஆனால் நகரத்தில் வளர்ந்த காதுக்கு முதல் மூன்று எழுத்திலேயே மூக்கைப் பொத்தத் தோன்றும். 'நாற்றுப்பண்ணை' அரசாங்கத் தாள்களில் நன்றாக இருக்கும், காய்கறி நாற்றை மொத்தமாக விற்பவருக்கும் பொருந்தும். தொட்டிச் செடியும் உரமும் மண்ணும் சில்லறையாக விற்கிறவருக்கு என் ஓட்டு 'செடிக்கடை'க்குத்தான். சொன்னதும் விளங்குகிறது, பள்ளிக்கூடத்தோடு குழம்புவதில்லை, பெட்டிக்கடை, வளையல்கடை என்று நாம் பழகிய வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் எளிமையாக இருக்கிறதே என்று தயங்குகிறவர்கள் உண்டு. செடி வாங்க வருகிறவர் குழந்தையோடும் செருப்பில் சேற்றோடும் உள்ளே வரத் தயங்கக் கூடாது என்றால் அந்த எளிமை தேவைதான்.

இனி ஒரு கடைக்கே பெயர் வைத்துப் பார்ப்போம். திருச்சி திருவானைக்காவல் பக்கத்தில் ஒரு தம்பதி அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செடிக்கடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடித்தோட்டக் காய்கறி நாற்று, ஒட்டு மா, கொய்யா, கொஞ்சம் பூச்செடி, வீட்டுக்குள் வைக்கும் செடிகள். நிலத்தின் ஓரத்தில் ஒரு வயதான வேப்பமரம் நிற்கிறது. அதன் நிழலில்தான் கணக்கு மேசை.

மனைவி சொல்லும் முதல் பெயர் 'குறிஞ்சி'. நல்ல பெயர்தான். ஆனால் நீலக்குறிஞ்சி மேற்கு மலைத்தொடரின் உயரத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. காவிரிக்கரையில் அதை வளர்த்து விற்க வழியில்லை. ஒரு செடியின் பெயரைக் கடைக்கு வைத்தால் அந்தச் செடி கடையில் இருக்கும் என்று மக்கள் நம்பி வருவார்கள். கணவர் சொல்வது 'ரோஜா'. திருச்சி வெயிலில் ரோஜாவை அழகாக வைத்திருப்பது பெரும்பாடு, தவிர, கொய்யாக் கன்று தேடுகிறவர் ரோஜாக் கடையை எட்டிப் பார்க்காமலே போய்விடக்கூடும். மைத்துனர் 'மொட்டைமாடி' என்கிறார். இது கொஞ்சம் புதுமையான திசை. நியூயார்க்கில் 2012-இல் தொடங்கிய ஒரு செடிக்கடை, ஜன்னல் விளிம்பைக் குறிக்கும் 'தி சில்' என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. செடியின் பெயருக்குப் பதிலாக, அந்தச் செடி வாங்கியவர் வீட்டில் எங்கே போய் உட்காரும் என்பதைப் பெயராக்குவது. 'மொட்டைமாடி' அந்த வகையில் கச்சிதம், அதில் வல்லினமும் இருக்கிறது, மறக்கவும் மறக்காது. ஆனால் இவர்கள் வியாபாரத்தில் பாதி ஒட்டு மாங்கன்றாக இருக்கும். தோப்பு வைக்கிறவருக்கு மொட்டைமாடியில் வேலையில்லை. சென்னை அடுக்குமாடிப் பகுதியில் கடை போட்டிருந்தால் நானே இதற்குக் கை தூக்கியிருப்பேன்.

பிறகு ஊரிலிருந்தே ஒரு பெயர் எடுக்கலாமே என்று பேச்சு போகிறது. நல்ல யோசனை. ஒவ்வொரு பழைய கோயிலுக்கும் ஒரு தலமரம் இருக்கிறது. மதுரைக்குக் கடம்பு, மயிலாப்பூருக்குப் புன்னை, சிதம்பரத்துக்குத் தில்லை. அந்தந்த ஊர்க்காரருக்கு அது சிறுவயதிலிருந்தே தெரிந்த பெயர், அயலூர்க்காரருக்குப் புதுமையான பெயர். எல்லா மரமும் கடைக்குப் பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, விற்பனைக்கு வைக்கும் மரமல்ல. திருவானைக்காவலின் தலமரம் வெண்நாவல். அதையே கடைக்கு வைத்தால்? Vennaval என்று எழுதியதும் நடுவில் கடற்படை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பேச்சில் 'நாவல்' என்றால் கதைப் புத்தகமும்தான். பழத்தையும் பாதிப் பேர் நவாப்பழம், நாகப்பழம் என்றுதான் சொல்வார்கள்.

'நாவலடி' என்று மாற்றிப் பார்க்கிறார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. அரசடி, ஆலடி, புளியடி என்று மரத்தடியை இடத்தின் பெயராக்குவது நம்மிடம் பழைய வழக்கம். ஆனால் திருச்சியிலிருந்து நாமக்கல் பக்கம் போனால் மோகனூரில் நாவலடி கருப்பண்ணசாமி கோயில் இருக்கிறது. அந்தப் பகுதிக்காரர்களுக்கு நாவலடியான் என்றால் அந்தச் சாமிதான், லாரி நெற்றிகளிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். செடிக்கடைக்கு வைத்தால் குலதெய்வப் பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது குலதெய்வமாக இருந்தால் பிரச்சினையில்லை. இல்லாதபோது வம்பாக ஒரு கேள்வியை வாசலில் தொங்கவிட வேண்டாம்.

நாவலடி போனாலும் அந்த 'அடி' மனதில் தங்கிவிடுகிறது. நிலத்தில் நிற்பது வேப்பமரம். 'வேம்படி'.

இதைச் சோதனைகளில் போட்டுப் பார்க்கலாம். மூன்று அசைக்குள் அடங்குகிறது. 'ம்ப', 'டி' என்று அழுத்தமான ஒலிகள் இருக்கின்றன, லகர ளகரக் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் Vembadi, அல்லது சிலர் Vempadi. இரண்டோடு முடிந்துவிடுகிறது. உருவம் உடனே வருகிறது, நிழலும் சேர்ந்தே வருகிறது. குறிப்பிட்ட ஒரு சரக்கோடு கட்டிப்போடவில்லை. முக்கியமாக, பக்கத்து வீட்டு அக்காவின் கேள்விக்கு வரும் பதிலோடு இது சண்டை போடுவதில்லை. பெயரைச் சொல்லாதவர்கள்கூட "அந்த வேப்பமரத்தடி செடிக்கடை" என்று அடையாளம் சொல்வார்கள். மக்கள் எப்படியும் வழியில் உள்ள அடையாளத்தைத்தான் சொல்லப்போகிறார்கள் என்றால், அந்த அடையாளத்தையே பெயராக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். குத்தகை முடிந்து வேறிடம் போக நேர்ந்தால் என்ன ஆகும் என்று கணவர் கேட்கிறார். வேம்பு தமிழ்நாட்டுச் சமவெளியில் எங்கும் வளரும், புது இடத்தின் வாசலில் ஒன்று நட்டுவைத்தால் ஆயிற்று. ஆலடி என்று வைத்திருந்தால் அது இவ்வளவு எளிதல்ல.

யாழ்ப்பாணத்துக்காரர் இந்தப் பெயரைக் கேட்டால் அவருக்கு வேம்படி மகளிர் கல்லூரிதான் நினைவுக்கு வரும். திருச்சியில் கடை போடுகிறவருக்கு அது இடைஞ்சலில்லை. இருந்தாலும் இணையத்தில் தேடினால் முதலில் வருவது அந்தக் கல்லூரியாக இருக்கும் என்பதால், 'வேம்படி செடிக்கடை' என்று பின்பாதியையும் சேர்த்தே எல்லா இடத்திலும் எழுதுவது நல்லது. இங்கே 'நர்சரி' போட்டிருந்தால் மறுபடியும் பள்ளிக்கூடம்தான்.

பெயர் பிடித்துவிட்டது என்பதற்காக உடனே பலகைக்காரரிடம் ஓட வேண்டாம். அது வேறொருவருடையதா என்று பார்க்க வேண்டும். ipindia.gov.in தளத்தில் வணிகக்குறிகளைக் காசில்லாமல் தேடலாம். Wordmark என்ற தேர்வில் பெயரை அப்படியே தேடலாம், Phonetic என்ற தேர்வில் ஒலியால் நெருங்கிவரும் பெயர்களையும் பிடிக்கலாம். வணிகக்குறிகள் பொருள்வாரியாக 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உயிருள்ள செடி, விதை, பூ எல்லாம் 31-ஆம் வகுப்பு. கடை நடத்துவது 35. தோட்டம் அமைத்துக் கொடுப்பதையும் செய்தால் 44. இந்த மூன்றிலும் Vembadi, Vempadi, Vembady என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கூடவே கூகுள் மேப்பில் உங்கள் மாவட்டத்தையும் பக்கத்து மாவட்டங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பதிவு செய்யாமலே பல ஆண்டுகளாக அந்தப் பெயரில் கடை நடத்துகிறவருக்கும் உரிமை உண்டு.

பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்வதென்றால், தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்ட வேண்டும். பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பச்சைப் பெயர்கள் அடி வாங்கும் இன்னொரு இடம் இது. 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, விற்கும் பொருளின் வகையையோ தன்மையையோ அப்படியே சொல்லும் சொல்லை ஒருவர் தனக்கென்று பதிவு செய்வது கடினம். செடிக்குப் 'பசுமை' என்பதும், முல்லைச் செடி விற்கிறவர் 'முல்லை' என்பதும் இந்த வேலியில் மாட்டும். பக்கத்துக் கடைக்காரரும் தன் முல்லையை முல்லை என்று சொல்லித்தானே விற்க வேண்டும். 'வேம்படி' விற்கும் பொருளைச் சொல்லவில்லை, ஓர் இடத்தைக் கற்பனையாகச் சொல்கிறது என்று வாதிட வழியிருக்கிறது. முடிவு அலுவலகத்தின் கையில்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ்நாட்டில் காய்கறி நாற்றும் பழக்கன்றும் விற்க விதை விற்பனை உரிமம் எடுக்க வேண்டும். உரிமம், ஜி.எஸ்.டி. எடுத்தால் அந்தப் பதிவு, வங்கிக் கணக்கு, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். பெயரை முடிவு செய்யாமல் அவசரத்துக்கு ஏதோ ஒன்றைப் போட்டு விண்ணப்பித்துவிட்டு, பின்னால் ஒவ்வோர் அலுவலகமாகத் திருத்திக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்று விதைப்பதற்கு முன்பே பெயரை முடித்துவிடுங்கள்.

இப்போது பலகை. சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு 14 மீட்டர் கடக்கிறது. ஓட்டுகிறவர் பெயரைப் படித்து, யோசித்து, வேகத்தைக் குறைக்க நான்கு நொடியாவது வேண்டும். அதற்குள் வண்டி 56 மீட்டர், ஏறக்குறைய 180 அடி, வந்துவிடும். பத்து அடித் தொலைவுக்கு ஓர் அங்குல எழுத்து என்பது பலகைத் தொழிலில் வழங்கும் கணக்கு. அதன்படி எழுத்து 18 அங்குல உயரம் இருக்க வேண்டும். தமிழ் எழுத்து உயரத்தளவு அகலமும் பிடிக்கும். 'வேம்படி' என்பதில் கொம்பையும் சேர்த்து எண்ணினால் ஐந்து இடம், ஏழரை அடி. பத்தடிப் பலகையில் இரு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கும். 'தொட்டாச்சிணுங்கி'க்குப் பதினோரு இடம் வேண்டும், பதினாறு அடியைத் தாண்டிவிடும். அந்தப் பெயரின் மேல் எனக்கு இருந்த ஆசை இந்தக் கணக்கில்தான் போயிற்று.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன்படி பலகையில் தமிழ் மேலே, மற்ற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி என்று 5:3:2 அளவில் இடம் ஒதுக்குவது அரசு சொல்லும் கணக்கு. ஆங்கிலத்தை வைப்பது தேடல் பெட்டிக்காகத்தான் என்பதால் கீழே சிறிதாக இருந்தாலே போதும். வாட்ஸ்அப் சோதனையில் அதிகம் பேர் எழுதியனுப்பிய எழுத்துக்கூட்டல் எதுவோ அதையே அங்கே போடுங்கள், உங்களுக்குச் சரியென்று படுவதை அல்ல.

நிறத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, அல்லது வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்து. கடைத்தெருவில் வைத்தால் பளிச்சென்றிருக்கும். ஆனால் பின்னால் மரம், முன்னால் குரோட்டன்ஸ், பக்கவாட்டில் நிழல்வலை, எல்லாம் பச்சையாக இருக்கும் இடத்தில் பச்சைப் பலகை இலைக்குள் கலந்து காணாமல் போய்விடும். மண்தொட்டியின் செங்காவி நிறத்தில் பலகை, அதில் வெள்ளை எழுத்து என்றால் அதே பச்சைக்கு நடுவே எடுப்பாகத் தெரியும். வாசலில் அடுக்கிய தொட்டிகளோடு பொருந்தியும் போகும்.

கடைசியாக, அந்த மொட்டைமாடிக்கே திரும்ப வர வேண்டியிருக்கிறது. செடி கறுப்புப் பாலித்தீன் பையில் வீட்டுக்குப் போகிறது, தொட்டிக்கு மாறும்போது பையைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். பையில் அச்சடித்த பெயர் அன்றே குப்பைக்குப் போய்விடும். தொட்டி மண்ணில் செருகும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை செடியோடு பல மாதம் இருக்கும். ஒரு பக்கம் செடியின் பெயரும் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்பதும், மறுபக்கம் 'வேம்படி செடிக்கடை'. செடியின் பெயர் இருப்பதால் வாங்கியவர் அதைப் பிடுங்கி எறிய மாட்டார். அதில் மார்க்கர் பேனாவால் எழுத வேண்டாம், வெயிலில் சில வாரத்தில் வெளுத்துவிடும். சொரசொரப்பான பட்டையில் சாதாரணப் பென்சிலால் எழுதினால் மழைக்கும் வெயிலுக்கும் நிற்கும்.